பரிந்துரை போனஸ்: யாருக்கு, எப்போது, புதியவர் விலகினால் என்ன?

ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர் தமக்குத் தெரிந்த ஒருவரை அங்குள்ள காலியிடத்துக்குப் பரிந்துரைக்கிறார். அவர் தேர்வாகி வேலையில் சேர்ந்தால், பரிந்துரைத்தவருக்கு நிறுவனம் ஒரு தொகை தருகிறது. இதுவே பரிந்துரை போனஸ். அலுவலகங்களில் ‘ரெஃபரல் போனஸ்’ என்றே இதைச் சொல்கிறார்கள். இந்தியாவில் மென்பொருள் நிறுவனங்கள், பிபிஓக்கள், தனியார் வங்கிகள், மருத்துவமனைகள் எனப் பல இடங்களில் இந்த வழக்கம் உண்டு. எந்தச் சட்டமும் இந்த போனஸைக் கட்டாயமாக்கவில்லை. நிறுவனம் தானாக முன்வந்து எழுதிவைக்கும் ஓரிரு பக்க விதிமுறையே இதன் அடிப்படை. அதனால் யாருக்கு எவ்வளவு, எந்த நாளில் கிடைக்கும் என்பதெல்லாம் அந்த விதிமுறையில் உள்ள சொற்களைப் பொறுத்தே அமைகின்றன.

நிறுவனம் இந்தத் தொகையைத் தருவதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சிகளுக்கு, சேரும் ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், கட்டணமாகத் தருவது இந்தியாவில் பரவலான நடைமுறை. ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் சம்பளத்தில் ஒருவரை எடுத்தால் கன்சல்டன்சிக்கு 75,000 ரூபாய் போகும். அதே ஆள் ஊழியர் ஒருவரின் பரிந்துரையில் வந்து, அந்த ஊழியருக்கு 50,000 ரூபாய் தந்தாலும் நிறுவனத்துக்கு மிச்சம்தான். கன்சல்டன்சி ஒப்பந்தங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. சேர்ந்தவர் 60 அல்லது 90 நாட்களுக்குள் விலகிவிட்டால், கன்சல்டன்சி வேறு ஆளைத் தர வேண்டும் அல்லது கட்டணத்தைத் திருப்ப வேண்டும். பரிந்துரை போனஸில் வரும் ‘90 நாள்’ நிபந்தனைக்கும் இதுவே தர்க்கம். சேர்ந்தவர் சில மாதமாவது நிலைத்தால்தான் செலவழித்த பணத்துக்குப் பலன் உண்டு என்று நிறுவனம் நினைக்கிறது.

இந்த நினைப்பு நியாயமானதே. ஆனால் அதை வாசகமாக எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெரும்பாலான விதிமுறைகளில் ‘பரிந்துரைக்கப்பட்டவர் 90 நாள் பணி நிறைவு செய்தபின் போனஸ் வழங்கப்படும்’ என்ற ஒற்றை வரியே இருக்கும். யாருடைய பரிந்துரை செல்லும், 90 நாளை எப்படி எண்ணுவது, இடையில் யாராவது விலகினால் என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வரியில் விடை கிடையாது. போனஸ் தொடர்பான தகராறுகளில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது.

வாக்குறுதியின் சட்ட நிலை

‘இது நிர்வாகம் விரும்பித் தரும் ஊக்கத்தொகை, உரிமையாகக் கோர முடியாது’ என்று பல விதிமுறைகளின் கடைசி வரி சொல்கிறது. அப்படி எழுதிவிட்டால் நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லை என்று எண்ணுவது முழுக்கச் சரியல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 8ஆம் பிரிவின்படி, ஒரு முன்மொழிவில் கேட்ட நிபந்தனையை ஒருவர் நிறைவேற்றுவதே அந்த முன்மொழிவை அவர் ஏற்றதாகும். ‘ஆள் கொண்டுவந்தால் 50,000 ரூபாய்’ என்று நிறுவனம் அறிவித்து, ஊழியர் அதை நம்பி ஆளைக் கொண்டுவந்து, எல்லா நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகு மறுத்தால், ஊழியர் தரப்பில் வலுவான வாதம் இருக்கிறது. வாசகம் இரு பொருள் தந்தால், அதை எழுதிய தரப்புக்கு எதிரான பொருளை எடுப்பதும் ஒப்பந்தங்களைப் படிக்கும் முறைகளில் ஒன்று. எனவே தெளிவில்லாத வரியால் ஊழியருக்கு மட்டுமல்ல, நிறுவனத்துக்கும் நட்டம் வரலாம்.

விதிமுறையை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் ஏற்கெனவே நடந்த பரிந்துரைகளுக்கு எந்த விதி பொருந்தும் என்பதையும் அது சொல்லியாக வேண்டும். டிசம்பரில் ஆள் பற்றாக்குறை, அதனால் போனஸ் 50,000 ரூபாய். ஜனவரி முதல் தேதியில் அது 30,000 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் பரிந்துரைக்கப்பட்டு ஏப்ரலில் சேர்ந்தவருக்கு எந்தத் தொகை? ‘பரிந்துரை பதிவான நாளில் நடப்பில் இருந்த விதியும் தொகையுமே பொருந்தும்’ என்ற ஒரு வரி இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஊழியர் தம் பங்கைச் செய்தது அந்த நாளில்தான் என்பதால் நியாயமும் அந்தப் பக்கமே இருக்கிறது.

யாருக்குத் தகுதி

தகுதி விதிக்கு மூன்று பக்கங்கள் உண்டு: பரிந்துரைப்பவர், பரிந்துரைக்கப்படுபவர், பரிந்துரை என்ற செயல்.

பரிந்துரைப்பவரைப் பொறுத்தவரை, ஆள் எடுப்பதையே வேலையாகச் செய்பவர்களுக்கு போனஸ் கிடையாது என்பது பொதுவான விதி. மனிதவளத் துறையில் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருப்பவர்கள் இதில் அடங்குவார்கள். அடுத்து, தம் குழுவுக்குத் தாமே ஆள் தேர்ந்தெடுக்கும் மேலாளர். அவரே பரிந்துரைத்து, அவரே நேர்காணல் நடத்தி, அவரே போனஸும் பெறுவது முறையல்ல. ஆனால் வாசகம் ‘மேலாளர்களுக்குத் தகுதி இல்லை’ என்று மொட்டையாக இருந்தால், வேறு துறையின் காலியிடத்துக்கு நல்ல ஆளைக் காட்டும் மேலாளரையும் அது தள்ளிவிடும். ‘தேர்வு முடிவில் பங்குள்ளவருக்கு, அந்தப் பணியிடத்தைப் பொறுத்தவரை தகுதி இல்லை’ என்று எழுதினால் விலக்கு வேண்டிய இடத்தோடு நின்றுவிடும். ஒப்பந்தப் பணியாளர்கள், பயிற்சியாளர்கள், தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள் ஆகியோர் பரிந்துரைக்கலாமா என்பதையும் பெயர் சொல்லியே எழுத வேண்டும். ‘ஊழியர்கள்’ என்ற சொல் மட்டும் இருந்தால் ஆளுக்கொரு பொருள் எடுப்பார்கள்.

பரிந்துரைக்கப்படுபவர் நிறுவனத்துக்குப் புதியவராக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். முன்பு இங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்புபவர், இங்கேயே ஒப்பந்தத்தில் இருந்து நிரந்தரமாகிறவர், பயிற்சிக்கு வந்து அப்படியே சேர்பவர் ஆகியோரைப் பல விதிமுறைகள் விலக்குகின்றன. சில நிறுவனங்கள் பழைய ஊழியர் திரும்பி வருவதை வரவேற்று அதற்கும் போனஸ் தருகின்றன. எதுவானாலும் எழுதியிருக்க வேண்டும். உறவினரைப் பரிந்துரைப்பதைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. உறவை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஒருவருக்குக் கீழ் மற்றவர் நேரடியாக வேலை செய்யக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள் போதும்.

தகுதிச் சண்டைகளில் அதிகம் வருவது பரிந்துரை என்ற செயலைப் பற்றியதுதான். ஒருவரின் ரெஸ்யூமை ஊழியர் அனுப்புகிறார். ‘இவர் எட்டு மாதத்துக்கு முன்பே வேறொரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தார், அதனால் இது புதிய பரிந்துரை இல்லை’ என்று மனிதவளத் துறை சொல்கிறது. அல்லது ஒரே ஆளை இருவர் பரிந்துரைக்கிறார்கள். இதற்காகத்தான் பரிந்துரைக்கு ஓர் ஆயுட்காலம் வைக்கப்படுகிறது. ஆறு மாதம் என்பது பல இடங்களில் உள்ள அளவு. ஒருவரின் விண்ணப்பம் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறி ஆறு மாதம் தாண்டிவிட்டால், அவரை யார் பரிந்துரைத்தாலும் அது புதிய பரிந்துரை. ஆறு மாதத்துக்குள் என்றால் முதலில் பதிவு செய்தவருக்கே உரிமை, அது கன்சல்டன்சியாக இருந்தாலும் சரி. ‘முதலில்’ என்பதை நிரூபிக்க நேரம் பொறித்த பதிவு தேவை. ஆகவே, உணவு இடைவேளையில் வாய்மொழியாகச் சொன்னதும், வாட்ஸ்அப்பில் மேலாளருக்கு அனுப்பியதும் பரிந்துரை ஆகாது, நிறுவனத்தின் தளத்தில் பதிவானதே பரிந்துரை என்று விதிமுறை சொல்ல வேண்டும். பதிவானதும் பரிந்துரைத்தவருக்கு ஓர் ஒப்புகை மின்னஞ்சல் தானாகச் செல்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

ஒரு பணிக்குப் பரிந்துரைத்தவரை நிறுவனம் வேறு பணிக்கு எடுத்துக்கொள்வதும் சாதாரணமாக நடக்கிறது. அப்போது போனஸ் உண்டா, உண்டென்றால் எந்தப் பணிக்கான தொகை என்ற கேள்வி எழும். ‘பரிந்துரையின் ஆயுட்காலத்துக்குள் எந்தப் பணிக்கு ஆஃபர் தரப்பட்டாலும் போனஸ் உண்டு, அவர் சேர்ந்த பணிக்குரிய தொகை தரப்படும்’ என்பது தெளிவான விடை. இங்கே ஒரு நுட்பமும் இருக்கிறது. ஆயுட்காலத்துக்குள் நடக்க வேண்டியது ஆஃபரா, வேலையில் சேர்வதா? இந்திய நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலமே 90 நாள். தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம், நோட்டீஸுக்கு மூன்று மாதம் என்று போனால் சேரும் நாளில் ஆறு மாதம் கடந்திருக்கும். ஆகவே ஆஃபர் தேதியை அளவாக வைப்பதே பொருத்தம்.

பணம் எப்போது வரும்

பணம் வரும் காலத்தைப் பற்றிய விதியில் இரண்டு தேதிகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்று, போனஸுக்கு உரிமை உண்டாகும் நாள். மற்றொன்று, பணம் வங்கிக் கணக்கில் சேரும் நாள். முதல் தேதியில் நிபந்தனைகள் எல்லாம் முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு மிச்சமிருப்பது சம்பளப் பிரிவின் அலுவலக வேலை மட்டுமே. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதிய விதிமுறையில், அலுவலக வேலை தாமதமான நாட்களில் நடக்கும் எதுவும் போனஸையே காலி செய்துவிடும்.

கோயம்புத்தூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தை எடுத்துக்கொண்டு இதைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். ஊழியர் ஒருவர் டிசம்பர் 15 அன்று தம் பழைய சக ஊழியரை நிறுவனத்தின் தளத்தில் பரிந்துரைக்கிறார். நேர்காணல்கள் முடிந்து ஜனவரி 12 அன்று ஆஃபர் லெட்டர் வருகிறது. மறுநாள் அவர் தம் பழைய நிறுவனத்தில் ராஜினாமா கொடுத்து, 90 நாள் நோட்டீஸை முடித்து, ஏப்ரல் 15 அன்று இங்கே சேர்கிறார். விதிமுறை ‘90 நாள் பணி நிறைவு’ என்கிறது.

சேர்ந்த நாளை முதல் நாளாக எண்ணினால் 90ஆவது நாள் ஜூலை 13. சேர்ந்த மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூலை 14. ‘பணி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, வேலை நாட்கள் மட்டுமே கணக்கு என்று சம்பளப் பிரிவு சொன்னால், வாரம் ஐந்து நாள் வேலை என்ற கணக்கில் 18 வாரம் ஆகும். அதாவது ஆகஸ்ட் மூன்றாம் வாரம். இடையில் அரசு விடுமுறைகள் வந்தால் இன்னும் தள்ளும். ஒரே வரி மூன்று தேதிகளைத் தருகிறது. ‘சேர்ந்த நாளை முதல் நாளாகக் கொண்டு, விடுமுறைகளும் விடுப்பும் உட்பட 90 நாட்காட்டி நாட்கள்’ என்று எழுதினால் ஜூலை 13 என்ற ஒரே விடைதான்.

அடுத்தது சம்பளக் கணக்கை மூடும் தேதி. இந்த நிறுவனத்தில் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் வந்த விவரங்கள்தான் அந்த மாதச் சம்பளத்தில் சேரும் என்று கொள்வோம். ஜூலை 13 அன்று உரிமை உண்டானாலும் ஜூலைச் சம்பளத்துக்குக் காலம் கடந்துவிட்டது. ஆகஸ்ட் 31 அன்று வரும் சம்பளத்தில்தான் போனஸ் சேரும். வேலை நாள் கணக்கை எடுத்தால் ஆகஸ்ட் 10உம் தவறி, செப்டம்பர் மாத இறுதிக்குப் போய்விடும். பரிந்துரைத்த டிசம்பர் 15இலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 31 என்பதே எட்டரை மாதம். இதில் நிறுவனத்தின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘90 நாளில் போனஸ்’ என்று அறிவிப்புப் பலகையில் படித்தவர் மார்ச்சிலேயே பணத்தை எதிர்பார்த்திருப்பார். விதிமுறையோடு இப்படி ஒரு தேதிக் கணக்கை மாதிரியாக இணைத்துவிட்டால் அந்த ஏமாற்றம் வராது.

தொகையை இரண்டாகப் பிரித்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. பாதி 90ஆவது நாளில், மீதி 180ஆவது நாளில். இதில் ஒவ்வொரு தவணையும் தனி உரிமை என்று வாசகம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால், ஐந்தாவது மாதத்தில் புதியவர் விலகும்போது முதல் பாதியையும் திருப்பிக் கேட்கலாமா என்ற விவாதம் வரும்.

பரிந்துரை போனஸ் சம்பள வருமானமாகவே கணக்கிடப்படுகிறது. எனவே அது வரும் மாதத்தில் வருமான வரிப் பிடித்தம் உண்டு. 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2 சதவீதம் போகும். 50,000 ரூபாயில் 15,600 ரூபாய் வரியாகக் கழிந்து 34,400 ரூபாய்தான் கைக்கு வரும். அறிவித்த தொகை வரிக்கு முந்தையது என்பதை விதிமுறையில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

புதியவர் விலகினால்

90 நாள் முடிவதற்குள் புதியவர் தாமாக விலகிப் போய்விட்டால் போனஸ் இல்லை. இதில் கருத்து வேறுபாடு அதிகம் வருவதில்லை. கடினமான இடம், அவர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் இருக்கும்போது 90ஆவது நாள் வருவதுதான்.

மேலே பார்த்த புதியவர் ஜூன் 30 அன்று ராஜினாமா கொடுக்கிறார். தகுதிகாண் காலம் என்பதால் நோட்டீஸ் 30 நாள். ஜூலை 30 அவருக்குக் கடைசி நாள். ஜூலை 13 அன்று அவர் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறார், வேலையும் செய்கிறார். ‘90 நாள் நிறைவு செய்தால்’ என்பதே நிபந்தனை என்றால் அது நிறைவேறிவிட்டது, போனஸ் தந்தாக வேண்டும். ‘90ஆவது நாளில் பணியில் இருந்து, ராஜினாமா கொடுக்காதவராகவும் இருந்தால்’ என்று எழுதியிருந்தால் போனஸ் இல்லை. ஆகஸ்ட் 31 அன்று, அதாவது பணம் தரும் நாளில், புதியவர் பணியில் இருக்க வேண்டும் என்று மூன்றாவதாக ஒரு வாசகமும் நடைமுறையில் இருக்கிறது. அந்த வாசகத்தின்படியும் போனஸ் கிடையாது. ஆனால் அதன் விளைவு இதோடு நிற்காது. ராஜினாமா யோசனையே இல்லாமல் 90 நாள் முடித்தவர், ஆகஸ்ட் 20 அன்று திடீரென்று விலகினாலும் போனஸ் போய்விடும். நிபந்தனைக் காலம் 90 நாள் என்று அறிவித்துவிட்டு, சம்பளக் கணக்கின் தாமதத்தால் அதை 139 நாளாக்குவது அந்த வாசகம். 139 நாள் இருக்க வேண்டும் என்று நிறுவனம் உண்மையிலேயே விரும்பினால் அதையே நேராகச் சொல்லலாம்.

விலகும் காரணத்தையும் விதிமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். புதியவர் தாமாகப் போவது ஒன்று. வேலைத்திறன் போதவில்லை என்றோ ஒழுங்கீனத்துக்காகவோ நிறுவனம் நீக்குவது இரண்டாவது. திட்டம் நின்றுபோய் ஆட்குறைப்பில் அவரை அனுப்புவது மூன்றாவது. நோய் அல்லது மரணம் நான்காவது. ‘எக்காரணத்தால் விலகினாலும் போனஸ் இல்லை’ என்ற வாசகம் இந்த நான்கையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆட்குறைப்பில் பரிந்துரைத்தவரின் பிழையும் இல்லை, புதியவரின் பிழையும் இல்லை. நிபந்தனையை நிறைவேறவிடாமல் செய்தது நிறுவனத்தின் முடிவு. அப்படிப்பட்ட நிலையில் போனஸை முழுதாகத் தருவதே நேர்மையான ஏற்பாடு. நோய், மரணம் ஆகியவற்றிலும் தரலாம். இத்தகைய நிகழ்வுகள் அரிது என்பதால் செலவு சிறியது.

ஆவணச் சரிபார்ப்பு இதில் தனி வகை. போலி அனுபவச் சான்றிதழோடு வேலையில் சேர்வது இந்திய மென்பொருள் துறையில் தெரிந்த சிக்கல். பின்னணிச் சரிபார்ப்பு பல நேரங்களில் ஆள் சேர்ந்த பிறகுதான் முடிகிறது. எனவே ‘90 நாளும் சரிபார்ப்பும் முடிந்தபின்’ என்று எழுதும் நிறுவனங்கள் உண்டு. அப்படி எழுதினால் சரிபார்ப்புக்கும் ஒரு காலக்கெடு வேண்டும். வெளி முகமை அறிக்கை தர ஐந்து மாதம் எடுத்துக்கொண்டால் அதற்குப் பரிந்துரைத்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழ் போலி என்று பின்னால் தெரியவந்தால், பரிந்துரைத்தவருக்கு அது முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரிந்தே செய்தவரிடம் பணத்தைத் திரும்பப் பெறலாம், ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கலாம். தெரியாமல் ஏமாந்தவரைத் தண்டிக்கும் வாசகம் இருந்தால், அடுத்த முறை யாரும் பரிந்துரைக்க முன்வர மாட்டார்கள்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்பது

சில நிறுவனங்கள் ஆள் சேர்ந்த மாதமே போனஸைத் தந்துவிடுகின்றன. ஆறு மாதத்துக்குள் அவர் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. கேட்கும்போது இது ஊழியருக்குச் சாதகமாகத் தோன்றும். நடைமுறையில் இரு தரப்புக்கும் தொல்லை.

முதல் தொல்லை வரி. பிப்ரவரியில் 50,000 ரூபாய் போனஸ் தந்து, வரி 15,600 கழிந்து, ஊழியர் கைக்கு 34,400 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் புதியவர் விலகுகிறார். திருப்ப வேண்டியது 50,000 ரூபாயா, 34,400 ரூபாயா? வாசகம் ‘போனஸ் தொகையைத் திருப்ப வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் நிறுவனம் 50,000 என்று படிக்கும். கொடுத்ததும் பிடித்ததும் ஒரே நிதியாண்டுக்குள் நடந்தால், பிடித்த வரியை மீதி மாதங்களின் கணக்கில் சரிக்கட்டச் சம்பளப் பிரிவுக்கு வழி உண்டு. மார்ச் 31 கடந்துவிட்டால் அந்த வரி முந்தைய ஆண்டுக் கணக்கோடு அரசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அதை மீட்பது எளிதல்ல. ஊழியர் பெறாத 15,600 ரூபாயைச் சொந்தப் பையிலிருந்து கட்ட நேரிடும். கைக்கு வந்த தொகைக்கு மேல் திரும்பக் கேட்பதில்லை என்று எழுதுவதே சரி.

இரண்டாவது தொல்லை சம்பளத்தில் பிடிப்பது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019, ஊதியத்திலிருந்து எவற்றையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. ஓர் ஊதியக் காலத்தில் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே விதிமுறையில் எழுதியிருக்கிறது என்பதாலேயே முழுத் தொகையையும் ஒரே மாதத்தில் சம்பளத்தில் கழித்துவிட முடியாது. பிடித்தம் எந்த வகையில் வருகிறது, எத்தனை தவணையில், ஊழியர் எழுத்தில் சம்மதித்தாரா என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

மூன்றாவது தொல்லை நியாயம் பற்றியது. விலகியது புதியவர், பணம் கட்டுவது பரிந்துரைத்தவர். அவர் விலகியதில் இவருக்கு எந்தப் பங்கும் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கொடுத்துவிட்டுப் பிடிப்பதைவிட உரிமை உண்டாகும் வரை காத்திருந்து கொடுப்பது எளிது, நேர்மையானதும்கூட. திரும்பப் பெறும் விதி ஏமாற்று வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தால் போதும்.

பரிந்துரைத்தவரே விலகினால்

புதியவர் விலகுவதைப் பற்றி எழுதும் விதிமுறைகளில் பல, பரிந்துரைத்தவர் விலகுவதை மறந்துவிடுகின்றன. அல்லது ‘பணம் தரும் நாளில் பரிந்துரைத்தவர் நடப்பு ஊழியராக இருக்க வேண்டும்’ என்ற வரியோடு முடித்துவிடுகின்றன. ஜூலை 13 அன்று உரிமை உண்டாகி, ஆகஸ்ட் 31 அன்று பணம் வரவிருக்கும்போது, பரிந்துரைத்தவர் ஆகஸ்ட் 5 அன்று வேறு வேலைக்குப் போனால் அந்த வரிப்படி எல்லாம் போச்சு. அவர் செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை, பணம் மட்டுமே பாக்கி. இத்தகைய தொகையைக் கடைசிக் கணக்குத் தீர்வையில் சேர்த்துக் கொடுப்பதே ஒழுங்கு. அதற்கு ‘உரிமை உண்டாகும் நாளில் பரிந்துரைத்தவர் பணியில் இருந்தால் போதும்’ என்று எழுதினால் சரியாகிவிடும்.

‘நடப்பு ஊழியர்’ என்ற சொல்லுக்கும் விளக்கம் தேவை. மகப்பேறு விடுப்பு 26 வாரம். அந்த விடுப்பில் இருக்கும் பெண் ஊழியரை நடப்பில் இல்லாதவர் என்று மென்பொருள் தானாகக் குறித்து, போனஸ் பட்டியலிலிருந்து நீக்கிவிட முடியும். அவர் விடுப்பில் இருந்தாலும் வேலையில் இருப்பவரே. ‘அனுமதிக்கப்பட்ட எந்த விடுப்பில் இருப்பவரும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார்’ என்று சேர்த்தால் பிழை நேராது.

ஒரு முழு வாசகம்

மேலே சொன்னவற்றைச் சேர்த்து எழுதினால், நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு விதிமுறையின் முக்கியப் பகுதி இப்படி அமையும்:

1. நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் உள்ள எல்லா ஊழியரும், தகுதிகாண் காலத்தில் இருப்பவர் உட்பட, பரிந்துரைக்கலாம். ஆள்சேர்ப்புப் பிரிவினருக்கும், குறிப்பிட்ட பணியிடத்தின் தேர்வில் முடிவெடுப்பவருக்கும் அந்தப் பணியிடத்துக்கு போனஸ் இல்லை.

2. நிறுவனத்தின் தளத்தில் பதிவான பரிந்துரை மட்டுமே செல்லும். பதிவு நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எந்தப் பணிக்கு ஆஃபர் தரப்பட்டாலும் அது இந்தப் பரிந்துரையின் பயனாகக் கருதப்படும். அதே காலத்துக்குள் வேறு வழியில் முன்பே பதிவானவருக்கு இது பொருந்தாது.

3. பதிவு நாளில் நடப்பில் இருந்த விதி பொருந்தும். அந்த நாளைய அட்டவணைப்படி, புதியவர் சேர்ந்த பணிக்குரிய தொகை தரப்படும். தொகை வரிக்கு முந்தையது.

4. புதியவர் சேர்ந்த நாளை முதல் நாளாகக் கொண்டு 90ஆவது நாட்காட்டி நாளில், அவர் பணியில் இருந்து ராஜினாமா கொடுக்காமலும் இருந்தால், பரிந்துரைத்தவருக்கு போனஸ் உரிமை உண்டாகும். அன்று பரிந்துரைத்தவரும் பணியில் இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட விடுப்பு பணியாகவே கருதப்படும்.

5. உரிமை உண்டான பிறகு மூடப்படும் முதல் சம்பளக் கணக்கில் தொகை சேரும். அதற்குள் பரிந்துரைத்தவர் விலகினால் கடைசிக் கணக்குத் தீர்வையில் தரப்படும்.

6. ஆட்குறைப்பு, நோய், மரணம் ஆகிய காரணங்களால் 90 நாளுக்கு முன் புதியவரின் வேலை முடிந்தால், உரிமை அன்றே உண்டாகும். வேறு காரணங்களால் முடிந்தால் உரிமை இல்லை.

7. உரிமை உண்டான பிறகு புதியவர் விலகினாலும் தொகை திரும்பக் கேட்கப்படாது. பரிந்துரைத்தவர் தெரிந்தே பொய்த் தகவல் தந்தது விசாரணையில் நிறுவப்பட்டால் மட்டும், அவர் கைக்கு வந்த தொகை திரும்பப் பெறப்படும்.

நான்காவது விதியில் உள்ள ‘ராஜினாமா கொடுக்காமலும்’ என்ற நிபந்தனை நிறுவனத்தின் தேர்வு. அதை வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடவும் செய்யலாம். இரண்டுமே ஏற்கத்தக்கவை. எழுதாமல் விடுவது மட்டும் ஏற்கத்தக்கதல்ல. கோவை எடுத்துக்காட்டில் ஜூன் 30 அன்று புதியவர் ராஜினாமா கொடுத்திருந்தால் இந்த விதிப்படி போனஸ் இல்லை. ஜூலை 14 அன்று கொடுத்திருந்தால் உண்டு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரிந்துரைத்தவர் விதியைப் படித்து, யாரையும் கேட்காமல் தாமே விடையைக் கண்டுகொள்ள முடிகிறது.

பரிந்துரைப்பவர் தம் பக்கத்தில் செய்ய வேண்டியது குறைவு. பரிந்துரைக்கும் நாளில் நடப்பில் இருந்த விதிமுறையின் ஒரு நகலையும், பதிவுக்கு வந்த ஒப்புகை மின்னஞ்சலையும் வைத்துக்கொள்ள வேண்டும். புதியவர் சேர்ந்த தேதியையும் 90ஆவது நாளையும் குறித்துக்கொண்டு, உரிமை உண்டான வாரத்தில் சம்பளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், கணக்கை மூடும் தேதி தவறுவதும் பெயர் பட்டியலில் விடுபடுவதும் அப்போதே தெரிந்துவிடும்.